மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவே

ஒரே மொழி, ஒரே இயேசு. ஆனால் ஒரு வீட்டு பைபிளில் 66 புத்தகங்கள், சம்பந்தி வீட்டு பைபிளில் 73. நடுவில் உள்ள ஏழும் எப்படி வந்தன, எப்படிப் போயின?

ஆம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெரியவர் இறந்து முப்பதாம் நாள். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர், லூத்தரன் சபைக்காரர். மகளை வேலூரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் கொடுத்திருந்தார். அன்று மாலை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஜெபக் கூட்டம் நடந்தது. பாட்டு முடிந்ததும் வேலூர் சம்பந்தி தன் பையிலிருந்து திருவிவிலியத்தை எடுத்து, “சாலமோனின் ஞானம், மூணாம் அதிகாரம்” என்றார். நல்லவர்களாக வாழ்ந்து இறந்தவர்கள் அழிந்துபோகவில்லை, கடவுளுடைய கைக்குள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று சொல்லும் பகுதி அது. கத்தோலிக்கர் வீட்டுச் சாவில் அடிக்கடி வாசிப்பது.

இறந்தவரின் பேரன், பள்ளிக்கூடத்துப் பையன், தாத்தாவின் பழைய வேதத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தமாகவே கேட்டுவிட்டான். “நீதிமொழிகள் இருக்கு, பிரசங்கி இருக்கு, உன்னதப்பாட்டு இருக்கு. அதுக்கப்புறம் ஏசாயாதான் வருது. ஞானம்னு ஒண்ணு இல்லியே?”

சபை மூப்பர் ஒருவர் மெதுவாகச் சொன்னார். “அது நம்ம வேதத்துல கெடையாதுப்பா. அவங்க பின்னாடி சேத்துக்கிட்டது.”

சம்பந்தி கோபப்படவில்லை. ஆனால் விடவும் இல்லை. “நாங்க எதையும் சேக்கலீங்க. இருந்ததை எடுத்தது நீங்கதான்.”

துக்க வீடு என்பதால் பேச்சு அதோடு நின்றது. எனக்குள் நிற்கவில்லை. ‘சேர்த்தார்கள்’, ‘எடுத்தார்கள்’ என்ற இரண்டு வார்த்தைகளையும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். நடந்ததைத் தேடிப் படித்த பிறகு, இரண்டுமே சரியில்லை என்று தெரிந்துகொண்டேன். அதற்கான சாட்சி ரோமாபுரியிலோ ஜெர்மனியிலோ மட்டும் இல்லை. நம்முடைய தமிழ் வேதத்தின் சொந்தக் கதையிலேயே இருக்கிறது.

எது கூடுதல், எது குறைவு?

முதலில் கணக்கைச் சரிபார்த்துவிடலாம். மத்தேயு முதல் வெளிப்படுத்தல் வரை புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களில் இந்த இரு வீட்டாருக்கும் எந்த வேறுபாடும் இல்லை. சண்டை முழுவதும் பழைய ஏற்பாட்டில்தான். புராட்டஸ்டண்டு வேதத்தில் அது 39 புத்தகம், கத்தோலிக்க விவிலியத்தில் 46. கூடுதலாக உள்ளவை தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் முதல் நூல், மக்கபேயர் இரண்டாம் நூல் ஆகிய ஏழு. இவை போக, எஸ்தர், தானியேல் ஆகிய இரண்டு புத்தகங்களும் கத்தோலிக்கரிடம் சற்று நீளமானவை.

இந்த ஏழுக்கும் தமிழில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. கத்தோலிக்கர் ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்கிறார்கள். புராட்டஸ்டண்டு பக்கம் ‘தள்ளுபடி ஆகமங்கள்’ என்பது பழகிய சொல். ஒரு பெயர் பக்கத்தில் உட்காரவைக்கிறது, மற்றது வெளியே அனுப்புகிறது. பெயரைக் கேட்டவுடனே தீர்ப்பும் காதில் விழுந்துவிடுவதால், புத்தகத்தைத் திறந்து பார்க்கும் வேலையைப் பலர் செய்வதே இல்லை.

சுருளுக்கு அட்டை கிடையாது

இயேசு வாழ்ந்த காலத்தில் ‘பைபிள்’ என்று ஒரே புத்தகமாக எதுவும் இருக்கவில்லை. தோலிலும் பாப்பிரஸ் தாளிலும் எழுதிய தனித்தனிச் சுருள்கள் இருந்தன. ஏசாயா ஒரு சுருள், சங்கீதம் ஒரு சுருள். ஜெப ஆலயத்துப் பெட்டியில் பத்துச் சுருள் இருக்கலாம், முப்பதும் இருக்கலாம். தோல் பதனிடும் ஊரில் பிறந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தனித் தோல்களாக அடுக்கி வைத்திருக்கும்வரை எண்ணிக்கை பற்றிய கேள்வி அவ்வளவு அழுத்தாது. எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து ஒரே அட்டைக்குள் போடும்போதுதான் எது உள்ளே, எது வெளியே என்று முடிவுசெய்தாக வேண்டும். கிறிஸ்தவர்கள் சுருளை விட்டு ஏடு தைத்த புத்தகத்துக்கு மாறிய பிறகு, நான்காம் நூற்றாண்டில் முழு பைபிளையும் ஒரே கட்டில் எழுதத் தொடங்கினார்கள். பட்டியல் பற்றிய பேச்சு சூடு பிடித்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான்.

அதற்கு முன்பே இரண்டு ஓடைகள் ஓடிக்கொண்டிருந்தன. பாலஸ்தீனத்து யூதர்களின் எபிரெய வேதம் ஒன்று. யூதக் கணக்கில் அது 24 புத்தகம். சின்னத் தீர்க்கதரிசிகள் பன்னிரண்டு பேரையும் ஒன்றாக எண்ணி, சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் ஒவ்வொன்றையும் ஒரே நூலாக எண்ணி, எஸ்றாவையும் நெகேமியாவையும் சேர்த்தால் 24 வரும். பிரித்து எண்ணினால் அதுவே 39. புராட்டஸ்டண்டு பழைய ஏற்பாடு என்பது இந்த எபிரெய வேதமே, வரிசை மட்டும் வேறு.

இன்னொரு ஓடை கிரேக்கம். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் குடியேறிய யூதர்கள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதல் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். அந்தத் தொகுப்பைத்தான் ஆதிக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் படித்தார்கள். எபிரெயத்தில் இருந்ததோடு ஞானம், சீராக், மக்கபேயர் போன்றவையும் அதில் கலந்து கிடந்தன. ஆனால் அதற்கும் உறுதியான எல்லை இல்லை. இன்று கிடைக்கும் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் ‘வத்திக்கான் ஏட்டில்’ மக்கபேயர் நூல்களே இல்லை. ‘சீனாய் ஏட்டில்’ முதல் மக்கபேயரும் நான்காம் மக்கபேயரும் இருக்கின்றன. ‘அலெக்சாந்திரிய ஏட்டில்’ நான்கு மக்கபேயரும் உண்டு.

ஆகவே முதல் நாளிலிருந்தே 73 என்றோ 66 என்றோ ஒரு பட்டியல் தயாராக இருந்தது, பிறகு யாரோ வந்து கூட்டினார்கள், குறைத்தார்கள் என்பது நடந்ததற்குப் பொருந்தாது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கருத்து வேறுபாட்டை இரண்டு பெரியவர்கள் வெளிப்படையாகப் பேசினார்கள். எபிரெயம் கற்று லத்தீனில் பைபிளைப் பெயர்த்த ஜெரோம், எபிரெயத்தில் இல்லாதவை வேதப் பட்டியலில் சேராது என்று முன்னுரையில் எழுதினார். வட ஆப்பிரிக்காவின் அகுஸ்தினார், சபைகள் வழிவழியாக வாசித்து வருபவை வேதமே என்றார். ஹிப்போவில் 393-இலும் கார்த்தேஜில் 397-இலும் கூடிய ஆப்பிரிக்கச் சங்கங்கள் அகுஸ்தினாரின் பக்கம் நின்று, இந்த நூல்களையும் பட்டியலில் எழுதின. மேற்குத் திருச்சபை வழக்கத்தில் அகுஸ்தினாரைப் பின்பற்றியது. ஜெரோமின் கேள்வியும் படித்தவர்கள் நடுவில் ஆயிரம் வருடம் உயிரோடு இருந்தது.

இரண்டாயிரம் வெள்ளிக்காசு

அந்தப் பழைய கேள்வி சண்டையாக மாறியதற்கு ஒரே ஒரு சம்பவத்தைச் சுட்டலாம். மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரத்தில் அது வருகிறது. யூதா மக்கபே ஒரு போரில் வெல்கிறான், ஆனால் அவனுடைய வீரர்கள் சிலர் இறக்கிறார்கள். உடல்களை எடுக்கப் போனவர்கள் பார்த்தால், இறந்த ஒவ்வொருவரின் உள்ளாடைக்குள்ளும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து. சட்டம் தடைசெய்த பொருள். எல்லாரும் இந்தப் பாவம் துடைக்கப்பட வேண்டும் என்று மன்றாடுகிறார்கள். யூதா ஆளாளுக்கு வசூலித்து ஏறத்தாழ இரண்டாயிரம் வெள்ளிக்காசு சேர்த்து, இறந்தவர்களின் பாவத்துக்காகப் பலி செலுத்த எருசலேமுக்கு அனுப்புகிறான். அவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று நம்பியதால்தான் இப்படிச் செய்தான் என்று நூலாசிரியர் பாராட்டுகிறார்.

இறந்தவருக்காக ஜெபிக்கலாம், காணிக்கை கொடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் பழைய ஏற்பாட்டில் வேறு கிடையாது. நவம்பர் 2-இல் கல்லறைத் திருநாளுக்கு நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் மெழுகுவர்த்தி ஏற்றி, இறந்தவர் பெயரில் பூசைக்கு எழுதிக் கொடுப்பதன் வேர் இங்கே தொட்டு நிற்கிறது. முப்பதாம் நாள் கூட்டத்தில் லூத்தரன் ஐயர் இறந்தவருக்காக என்று ஜெபிக்காமல், துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்காக ஜெபித்ததன் காரணமும் இதே இடத்தில்தான் இருக்கிறது.

1519-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் மார்ட்டின் லூத்தரும் யோஹான் எக் என்ற கத்தோலிக்க அறிஞரும் பலர் முன்னிலையில் வாதிட்டார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு ஆதாரமாக எக் இந்த அதிகாரத்தை எடுத்து வைத்தார். மக்கபேயர் நூல் எபிரெயப் பட்டியலில் இல்லை, ஆகவே உபதேசத்தை நிலைநாட்ட அது சாட்சியாகாது என்று லூத்தர் பதில் சொன்னார். ஜெரோமின் பழைய கேள்வி அன்றுமுதல் இரு பக்கத்துக்கும் ஆயுதமானது.

இதற்குப் பிறகு லூத்தர் செய்ததைத்தான் நம்மில் பலர் அறியவில்லை. அந்த நூல்களை அவர் தூக்கி எறியவில்லை. 1534-இல் வெளிவந்த அவருடைய முழு ஜெர்மன் பைபிளில் அவை எல்லாமே இருந்தன. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் ஒரு தனிப் பகுதியாக அவற்றை வைத்தார். பரிசுத்த வேதத்துக்குச் சமமாக இவற்றை எண்ணக் கூடாது, ஆனாலும் வாசிப்பதற்குப் பயனுள்ளவை, நல்லவை என்ற கருத்தில் தலைப்பிட்டார்.

கத்தோலிக்கத் திருச்சபை 1546 ஏப்ரல் 8 அன்று திரெந்து சங்கத்தில் பதில் சொன்னது. இந்த நூல்களும் மற்றவற்றைப் போலவே முழுமையான வேதம், ஏற்காதவர் சபைக்குப் புறம்பு என்று தீர்மானித்தது. அந்தச் சங்கத்திலும் எல்லாரும் ஒரே மனதாக இருக்கவில்லை. பட்டியலை ஏற்பதில் அல்ல, அதை மறுப்பவரைச் சபிக்கும் அளவுக்கு விசுவாசப் பொருளாக்குவதில் தயக்கம் இருந்தது. அந்த வாக்கெடுப்பில் 24 பேர் ஆதரவு, 15 பேர் எதிர்ப்பு, 16 பேர் எந்தப் பக்கமும் சேரவில்லை.

தரங்கம்பாடியில் 1728

இனி நம் கதைக்கு வருவோம். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, லூத்தரன் போதகர். தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-க்குள் அச்சில் கொண்டுவந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719-இல் காலமானார். மீதியைப் பெயர்த்து முடித்தவர் அவருக்குப் பின் வந்த பெஞ்சமின் ஷுல்ட்சே. பழைய ஏற்பாடு பகுதி பகுதியாக அச்சாகி 1728-இல் நிறைவடைந்தது.

அந்த 1728-ஆம் வருடத்து அச்சில், இன்று நாம் ‘தள்ளுபடி’ என்று சொல்லும் ஆகமங்களும் தமிழில் இருந்தன.

தமிழின் முதல் முழு பைபிளை உருவாக்கியவர்கள் லூத்தரன்கள். அந்த முதல் முழு பைபிளுக்குள் ஞானமும் சீராக்கும் மக்கபேயரும் இருந்தன. ஷுல்ட்சேயைப் பொறுத்தவரை இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் அவர் கையில் இருந்த லூத்தர் பைபிளில் எவை இருந்தனவோ, அவற்றைத் தமிழருக்கும் கொடுத்தார். ‘கத்தோலிக்கர் சேர்த்துக்கொண்டது’ என்று முப்பதாம் நாள் வீட்டில் சொன்ன மூப்பருக்கு அவருடைய சொந்த சபையின் முன்னோர்களே பதில் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் அவை எப்போது போயின?

லண்டனில் எடுத்த முடிவு

1804-இல் லண்டனில் பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் பைபிள் சொசைட்டி தொடங்கியது. எந்தச் சபையையும் சாராமல், விளக்கக் குறிப்பு எதுவும் இல்லாமல், மலிவாக பைபிளை உலகமெங்கும் கொடுப்பது அதன் நோக்கம். ஐரோப்பாவில் அதன் பணத்தில் அச்சான பைபிள்கள் பலவற்றில், அந்தந்த நாட்டு வழக்கப்படி இந்த நூல்களும் இருந்தன. 1821-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஹால்டேன், பிரெஞ்சு பைபிள் ஒன்றில் இப்படி இருப்பதையும் அதற்குச் சங்கத்தின் பணம் போவதையும் கண்டு எதிர்ப்புத் தெரிவித்தார். ஸ்காட்லாந்துச் சபைகள் கால்வினின் வழி வந்தவை. வேதமல்லாத நூலை வேதத்தின் அட்டைக்குள் வைத்துக் கட்ட எங்கள் காணிக்கையைச் செலவழிக்காதே என்பது அவர்களின் வாதம். ஐந்து வருடம் சண்டை நடந்தது. 1826-இல் சங்கம் முடிவெடுத்தது: இந்த நூல்கள் அடங்கிய பைபிளுக்கு இனிப் பணம் கிடையாது. அதற்குப் பிறகும் எடின்பரோ, கிளாஸ்கோ சங்கங்கள் மனம் ஆறாமல் பிரிந்துபோயின.

இந்த முடிவில் தமிழ்ச் சபைகளுக்குக் குரல் இல்லை. ஆனால் அதன் விளைவு முழுவதும் தமிழ் வேதத்தின் மேல் விழுந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பைபிளைத் திருத்தவும், அச்சிடவும், கட்டுப்படியாகும் விலைக்குக் கொடுக்கவும் வல்லமை இருந்தது அந்தச் சங்கத்துக்கும் அதன் சென்னைக் கிளைக்கும்தான். ஹென்றி பவர் தலைமையில் பல மிஷன்கள் சேர்ந்து உருவாக்கிய ஐக்கியத் திருப்புதல் 1871-இல் வந்தபோது அதில் 66 புத்தகங்களே இருந்தன. இன்று நம் வீடுகளில் ‘பழைய திருப்புதல்’ என்ற பெயரில் இருப்பது அதுதான். லூத்தரன்கள் அதை உடனே ஏற்கவில்லை. பப்ரிசியுஸ் ஐயர் வேப்பேரியில் செய்த பழைய மொழிபெயர்ப்பை வெகுகாலம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மலிவாகக் கிடைத்த பொது வேதமே எல்லா வீட்டுக்கும் வந்தது. மூன்று தலைமுறை கடந்ததும், கையில் இருக்கும் புத்தகத்தில் இல்லாதது எப்போதுமே இருந்ததில்லை என்று ஆகிவிட்டது.

‘எடுத்தது நீங்கதான்’ என்று சொன்ன சம்பந்திக்கும் இங்கே பதில் இருக்கிறது. லூத்தர் எடுக்கவில்லை, சீகன்பால்கின் வாரிசுகள் எடுக்கவில்லை. எபிரெயப் பட்டியலே வேதம் என்ற கொள்கை ஏற்கெனவே இருந்தது உண்மை. ஆனால் நூல்களே கண்ணில் படாமல் போனது காகிதத்துக்கும் மைக்கும் பணம் கொடுத்தவர்கள் போட்ட விதியால்.

ஆம்பூரின் லூத்தரன்கள்

ஆம்பூருக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. தரங்கம்பாடிப் பணியின் வாரிசாக 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் இயங்கியது லைப்சிக் மிஷன். அதில் பணியாற்றிய தியோடர் நேதர், ஃபிரான்ஸ் மோன் என்ற இருவர், வேதம் சொல்லுக்குச் சொல் தேவ ஆவியால் அருளப்பட்டது என்பதில் மிஷன் உறுதியாக இல்லை என்று முரண்பட்டு அதிலிருந்து விலகினார்கள். அமெரிக்காவின் மிசூரி சினாடு லூத்தரன்கள் அவர்களைச் சேர்த்துக்கொண்டு 1895-இல் கிருஷ்ணகிரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அந்தப் பணி ஆம்பூருக்கும் பரவியது. கன்கார்டியா பள்ளியும் பெதஸ்தா மருத்துவமனையும் அந்த வேரில் கிளைத்தவை. இன்றைய இந்திய சுவிசேஷ லூத்தரன் திருச்சபை 1958-இல் அதிலிருந்து உருவானது.

வேதத்தைப் பற்றிய ஒரு மனச்சாட்சிப் போராட்டத்தில் பிறந்த சபை இது. ஒவ்வொரு சொல்லும் கடவுளுடையது என்று நம்புகிறவர்களுக்கு வேதத்தின் எல்லை ஒரு மதில் மாதிரி இருக்க வேண்டும். பாதி உள்ளே, பாதி வெளியே என்று ஒரு திண்ணையை அவர்களால் எளிதில் ஏற்க முடியாது. மூப்பரின் குரலில் இருந்த உறுதியை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் லூத்தரன் விசுவாச அறிக்கைகள் எதிலும் வேதப் புத்தகங்களின் பட்டியல் கிடையாது. 2012-இல் மிசூரி சினாட்டின் சொந்தப் பதிப்பகமே இந்த நூல்களை லூத்தரன் குறிப்புரையோடு ஆங்கிலத்தில் வெளியிட்டது.

பக்கத்தில் வேலூரில் தென்னிந்தியத் திருச்சபையின் வேர்களில் ஒன்று, 1853-இல் தொடங்கிய ஆற்காடு மிஷன். ஸ்கடர் குடும்பத்தாரின் அந்த அமெரிக்கச் சபை ஏற்றிருந்த பெல்ஜிக் விசுவாச அறிக்கை, இந்த நூல்களை வேதத்திலிருந்து பிரித்துப் பெயர் சொல்லி அடுக்கிவிட்டு, வேதத்தோடு ஒத்துப்போகும் அளவுக்குச் சபை இவற்றை வாசிக்கலாம், பாடம் கற்கலாம் என்கிறது. ஆங்கிலிக்கர்களின் ஆறாவது விதியும் நல்வாழ்க்கைக்கு உதாரணமாக வாசி, உபதேசத்தை இதன்மேல் கட்டாதே என்றே சொல்கிறது. ‘தள்ளுபடி’ என்ற ஒரே சொல் இவ்வளவு நுணுக்கத்தையும் மூடிவிட்டது.

உதயம்பேரூரில் ஐந்து புத்தகங்கள்

புதிய ஏற்பாட்டின் 27-இல் எல்லாருக்கும் எப்போதும் ஒற்றுமை இருந்தது என்றும் சொல்ல முடியாது. கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்கள் வாசித்து வந்த சுரியானிப் புதிய ஏற்பாட்டில் 22 புத்தகங்களே இருந்தன. பேதுருவின் இரண்டாம் நிருபம், யோவானின் இரண்டாம், மூன்றாம் நிருபங்கள், யூதாவின் நிருபம், வெளிப்படுத்தல் ஆகிய ஐந்தும் இல்லை. 1599-இல் கோவாவின் பேராயர் மெனெசிஸ் உதயம்பேரூரில் சங்கம் கூட்டி, இந்த ஐந்தையும் சேர்த்தாக வேண்டும் என்று கட்டளையிட்டார். அந்தச் சபையார் யாருடைய பைபிளையும் வெட்டியவர்கள் அல்லர். கிழக்குச் சுரியானிச் சபைக்கு வழிவழியாக வந்த பட்டியலே அதுதான். எத்தியோப்பியச் சபையோ மொத்தம் 81 என்று எண்ணி, ஏனோக்கின் நூலையும் வேதமாக வாசிக்கிறது.

எந்த அளவுகோல் சரியாக அளக்கும்?

‘எபிரெயத்தில் இருந்தால் வேதம்’ என்பது தெளிவான அளவுகோலாகத் தெரிகிறது. ஆனால் சீராக்கின் நூல் முதலில் எபிரெயத்திலேயே எழுதப்பட்டது. கெய்ரோவின் பழைய ஜெப ஆலயச் சேமிப்பிலிருந்து வந்த எபிரெயத் தாள் ஒன்றை 1896-இல் கேம்பிரிட்ஜில் சாலமன் ஷெக்டர் அடையாளம் கண்டார். தோபித்தின் அரமேய, எபிரெயத் துண்டுகள் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்தன. ஆக, எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது மட்டும் போதாது. யூதர்கள் எதை வேதமாக ஏற்றார்கள் என்பதே புராட்டஸ்டண்டுகளின் உண்மையான வாதம். இயேசுவும் அப்போஸ்தலரும் கையாண்டது அந்த வேதத்தைத்தான் என்பதால் அது வலுவான வாதமும்கூட.

‘புதிய ஏற்பாடு மேற்கோள் காட்டினால் வேதம்’ என்பது இன்னொன்று. எஸ்தரையும் உன்னதப்பாட்டையும் அது மேற்கோள் காட்டவில்லை. யூதாவின் நிருபமோ ஏனோக்கின் நூலிலிருந்து எடுத்தாள்கிறது. ‘பிழை இருந்தால் வேதமல்ல’ என்று யூதித்தைக் காட்டுவார்கள். நேபுகாத்நேச்சாரை அது நினிவேயில் ஆண்ட அசீரிய ராஜா என்கிறது, அவன் பாபிலோனுக்கு ராஜா. இதற்கு, அது சரித்திரமாக எழுதப்படவில்லை, போதனைக் கதை என்று கத்தோலிக்க அறிஞர்கள் பதில் சொல்கிறார்கள்.

எந்த அளவுகோலும் தனியாக நின்று 66-ஐயோ 73-ஐயோ கச்சிதமாக அளந்து தருவதில்லை. கடைசியில் கேள்வி பட்டியலைப் பற்றியதாக இல்லாமல் அதிகாரத்தைப் பற்றியதாகிறது. சபை வாசித்து வந்ததாலும் சங்கம் உறுதிசெய்ததாலும் இது வேதம் என்கிறார் கத்தோலிக்கர். வேதம்தான் சபையை அளக்க வேண்டும், சபை வேதத்தை அளக்க முடியாது என்கிறார் லூத்தரன். இந்த வேறுபாடு தீரும்வரை பட்டியலும் தீராது.

1995: நடுவில் ஓர் இடம்

ஆனாலும் ஒரே அட்டைக்குள் சேர்ந்து வர முடியும் என்று காட்டிய வருடம் 1995. திண்டிவனத்தில் உள்ள கத்தோலிக்க விவிலிய நடுநிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் இணைந்து திருவிவிலியத்தை வெளியிட்டன. வத்திக்கானும் உலக வேதாகமச் சங்கங்களும் 1968-இல் செய்துகொண்ட உடன்பாடு அதற்கு வழி காட்டியது. கத்தோலிக்க வரிசைப்படி பார்த்தால் தோபித்து நெகேமியாவுக்குப் பின்னால் வர வேண்டும், ஞானம் உன்னதப்பாட்டுக்குப் பின்னால். அந்த வரிசையைக் கத்தோலிக்கர் விட்டுக்கொடுத்தார்கள். நூல்களே கூடாது என்ற 1826-ஆம் வருடத்து விதியை வேதாகமச் சங்கங்கள் விட்டுக்கொடுத்தன. மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவில், ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்ற தனிப் பகுதியாக அவை வந்தன. 1534-இல் லூத்தர் வைத்த அதே இடம்.

மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவிலான அந்த இடத்தைத்தான் சபை மேடைகளில் ‘நானூறு வருட மௌனம்’ என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். கையில் 66 புத்தக வேதம் இருப்பவர்கள் யோவான் 10:22-ஐத் திறந்து பாருங்கள். குளிர்காலத்தில் தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை நடக்கிறது, இயேசு அங்கே உலாவுகிறார். அந்தப் பண்டிகை எப்படி வந்தது? 39 புத்தகங்களில் எங்கே தேடினாலும் கிடைக்காது. அந்நிய ராஜா தீட்டுப்படுத்திய ஆலயத்தை யூதா மக்கபே மீட்டுச் சுத்திகரித்த கதை மக்கபேயர் முதல் நூலின் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது.

சில வாரம் கழித்து மூப்பரை அவர் வீட்டில் பார்த்தேன். தரங்கம்பாடி அச்சைப் பற்றிச் சொன்னதும் நம்பாமல் இரண்டு முறை வருடத்தைக் கேட்டார். “நம்ம வேதத்துலயேவா?” பிறகு என் திருவிவிலியத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஞானம் மூன்றாம் அதிகாரத்தை வாய்க்குள்ளாகவே வாசித்தார். வாசித்து முடித்துக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடாமல் வைத்திருந்தார்.

“இதை வெச்சுப் பிரசங்கம் பண்ண மாட்டேன். இதுமேல உபதேசத்தையும் கட்ட முடியாது” என்றார். “ஆனா நல்லதாத்தான் இருக்கு. அன்னிக்கு அந்தப் பையன்கிட்ட நான் சொன்னதைத் திருத்திச் சொல்லணும்.”

லூத்தர் 1534-இல் எழுதிய தலைப்பை அவர் படித்ததில்லை. அதில் இருப்பதும் அவர் சொன்னதேதான்.